எட்டுப் பெயர்ச்சொற்களுக்குள் சிக்கிய ஓர் அலாரம்

ஒரு பராமரிப்பு அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"பம்பு பேரிங் வெப்பநிலை சென்சார் கோளாறு அலாரம் தாமதச் சோதனை மேற்கொள்ளப்பட்டது. முடிவு திருப்தி."

முதல் வாக்கியத்தில் எட்டுப் பெயர்ச்சொற்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசியில் ஒரே ஒரு வினை, அதுவும் யார் செய்தார்கள் என்று சொல்லாத வினை. எழுதியவருக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது. அவர் பம்புக்குப் பக்கத்தில் நின்று வேலையை முடித்துவிட்டு வந்து எழுதியவர். படிப்பவருக்கோ அந்தக் காட்சி கிடையாது, சொற்கள் மட்டும்தான்.

அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு குறைந்தது மூன்று கதைகள் சொல்லலாம்.

முதல் கதையில் பழுதாவது சென்சார். பேரிங்கின் சூட்டை அளக்கும் சென்சாரின் கம்பி அறுந்தால் 'சென்சார் கோளாறு' என்று ஓர் அலாரம் வர வேண்டும். கம்பி லேசாகத் தளர்ந்திருந்தால் தொடர்பு நொடிக்கு நொடி விட்டு விட்டுச் சேரும். ஒவ்வொரு முறையும் அலாரம் அடித்தால் கட்டுப்பாட்டு அறையில் யாரும் வேறு வேலை பார்க்க முடியாது. அதனால் கோளாறு சில நொடிகள் தொடர்ந்து நீடித்தால் மட்டுமே அலாரம் வரும்படி வேண்டுமென்றே ஒரு தாமதம் வைத்திருப்பார்கள். அந்தத் தாமதம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள்.

இரண்டாவது கதையில் பழுதாவது பேரிங். அது அளவுக்கு மீறிச் சூடாவதை வெப்பநிலை சென்சார் கண்டுபிடித்து அலாரம் எழுப்புகிறது. சோதனை அந்த அலாரத்துக்கு.

மூன்றாவது கதையில் தாமதம் யாரும் வைத்தது அல்ல, அதுவே புகார். ஒருநாள் அலாரம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, பிந்தி வந்தது. ஏன் பிந்தியது என்று தேடினார்கள்.

இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். முதலாவதுக்கு சென்சாரின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தால் போதும். இரண்டாவதுக்கு அது உதவாது. Pt100 என்ற வகை சென்சாராக இருந்தால், 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அலாரம் வரம்பு 90 டிகிரி என்றால், சென்சாரைக் கழற்றி அதன் இடத்தில் மின்தடைப் பெட்டி ஒன்றை இணைத்து, 134.7 ஓமுக்குச் சற்று மேலே கொண்டுபோய் அலாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு எதையும் கழற்ற வேண்டாம். கணினியில் பதிவான நேரங்களை ஒப்பிட வேண்டும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கம்பி அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். அதைப் பிரித்தறியும் ஏற்பாடு இல்லாத கருவிக்கு அது 'பேரிங் பயங்கரச் சூடு' என்றுதான் தெரியும். ஆக, சென்சார் கோளாறும் பேரிங் கோளாறும் கருவிக்கே ஒன்றுபோலத் தோன்றக்கூடியவை. பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு இருந்த ஒரே இடம் அந்த அறிக்கைதான். அங்கே 'கோளாறு' என்ற சொல்லை யாருடையது என்று சொல்லாமல் நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

சரி, இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? பெயர்ச்சொற்களை அடுக்கும்போது எது எதோடு சேர்கிறது என்ற செய்தி விழுந்துவிடுகிறது. மூன்று சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போக இரண்டே வழிகள்: முதல் இரண்டையும் முதலில் சேர்க்கலாம், அல்லது கடைசி இரண்டையும் சேர்க்கலாம். நான்கு சொற்களுக்கு ஐந்து வழிகள், ஐந்துக்குப் பதினான்கு. எட்டுக்கு 429. இவற்றில் பெரும்பாலானவை அர்த்தமில்லாதவை, துறை தெரிந்தவர் யோசிக்காமலேயே தள்ளிவிடுவார். ஆனால் தள்ளிய பிறகும் மூன்று நான்கு மிஞ்சினால், துறை தெரிந்தவரும் ஊகிக்கத்தான் வேண்டும்.

சேரும் சொற்களைக் கண்டுபிடித்த பிறகும் வேலை முடியாது, என்ன உறவில் சேர்கின்றன என்பது பாக்கி. இது நம் இலக்கணத்துக்குப் பழைய செய்தி. உருபு மறைந்த தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் சொல்கிறது. மரவேலி என்றால் மரத்தால் ஆன வேலியா, மரத்துக்குப் போட்ட வேலியா? இரண்டே சொற்களில் இந்தப் பாடு. பவணந்தியார் இந்த எட்டுச் சொல் அலார வரியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

'தாமதச் சோதனை' என்பதில் ம் கெட்டு ச் மிகுந்திருப்பது உதவாதா என்று கேட்கலாம். ஓரளவு உதவும். தாமதம் என்பது தனித்து நிற்கவில்லை, பின்னால் வரும் சொல்லோடு ஒட்டுகிறது என்று அது காட்டும். ஆனால் தாமதத்தைச் சோதித்தார்களா, தாமதமாகச் சோதித்தார்களா என்று காட்டாது. அலாரம், சென்சார், பேரிங் போன்ற சொற்கள் பெரும்பாலும் எந்தத் தடயமும் விடாமல் அப்படியே அடுத்த சொல்லின் முன்னால் போய் நிற்கும்.

இப்போது அவிழ்ப்போம். கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் தமிழில் தலைமைச் சொல் கடைசியில்தான் இருக்கும். இங்கே அது சோதனை. அது பெயர் வேடம் போட்ட வினை. 'சோதனை மேற்கொள்ளப்பட்டது' என்பதை 'சோதித்தோம்' என்று ஆக்கியதுமே வாக்கியம் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது: எதை? அந்த 'எதை'க்கு விடையாக ஐ உருபோடு ஒரு சொல் வந்தாக வேண்டும். தாமதத்தை.

யாருடைய தாமதம்? அலாரத்தின் தாமதம். இங்கே 'இன்' போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அலாரத்தின் தாமதம் என்பது வைத்த தாமதமாகவும் இருக்கலாம், வந்த தாமதமாகவும் இருக்கலாம். ஆறாம் வேற்றுமை இப்படித்தான், உறவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், என்ன உறவு என்று சொல்லாது. இந்த இடத்தில் வினைதான் வேண்டும்: அலாரத்துக்கு 'வைத்திருக்கும்' தாமதம். ஒரே ஒரு பெயரெச்சம் மூன்றாவது கதையை வெளியே தள்ளிவிட்டது.

அடுத்து, அலாரம் எப்போது வரும்? சென்சார் பழுதானால். கோளாறு என்ற பெயரையும் வினையாக்கி, எழுவாயை முன்னால் வைத்துவிட்டோம். இரண்டாவது கதையும் போயிற்று. மீதமிருப்பது எளிது: சென்சார் என்ன செய்கிறது? வெப்பநிலையை அளக்கிறது. எதன் வெப்பநிலையை? பம்பின் பேரிங்குடையதை.

சேர்த்து எழுதினால்:

"பம்பின் பேரிங் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஒரு சென்சார் அளக்கிறது. அந்த சென்சார் பழுதானால் 5 நொடி கழித்து அலாரம் வரும்படி அமைத்திருக்கிறோம். சென்சாரின் ஒரு கம்பியைக் கழற்றி இந்தத் தாமதத்தைச் சோதித்தோம். அலாரம் 5 நொடியில் வந்தது."

நீளம் கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் 'முடிவு திருப்தி' என்பது காணாமல் போய், அந்த இடத்துக்கு ஓர் எண் வந்திருப்பதைக் கவனியுங்கள். நொடிக்கணக்கை நான் உதாரணத்துக்காகப் போட்டேன். நிஜ அறிக்கையில் அதை எழுதியவர்தான் தர முடியும். அவிழ்ப்பதில் உள்ள சிரமமே இதுதான். உருபும் வினையும் போடப்போட, அடுக்கு மறைத்து வைத்திருந்த காலியிடங்கள் வெளியே தெரியும். அவற்றை மொழியறிவால் நிரப்ப முடியாது. அறிக்கையைத் திருத்துபவர் சோதனைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதில் அமைத்த தாமதமும் அளந்த தாமதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதல் கதை. ஓம் கணக்கு இருந்தால் இரண்டாவது. சம்பவம் நடந்த தேதியும் அலாரம் வந்த நேரமும் இருந்தால் மூன்றாவது. பதிவேடு இல்லையென்றால் எழுதியவரையே கேட்க வேண்டும். ஊகித்து அழகாகத் திருத்திய வாக்கியம், குழப்பமான வாக்கியத்தைவிட மோசம். குழப்பமாக இருந்தாலாவது யாராவது சந்தேகப்பட்டுக் கேட்பார்கள்.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் முன்னிடைச்சொற்களைப் போட்டு அவிழ்ப்பார்கள். அங்கே சொல் வரிசையே தலைகீழாக மாறும், கடைசிச் சொல் முன்னால் வரும். தமிழில் உருபு பின்னால் ஒட்டுவதால் வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்கும், இடைவெளிகளை நிரப்பினால் போதும். இது வசதி, ஆபத்தும்கூட. ஆங்கில அடுக்கை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் பெயர்த்து வைத்தாலும் வரிசை சரியாகவே இருப்பதால், அது தமிழ் வாக்கியம் போலவே தோன்றிவிடும். நம் தொழில்நுட்பக் கையேடுகளில் அடுக்குகள் மலிந்திருக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான ASD-STE100 என்ற எளிய தொழில்நுட்ப ஆங்கில விதித்தொகுப்பு, மூன்று சொற்களுக்கு மேல் பெயரை அடுக்காதே என்கிறது. கருவியின் அதிகாரபூர்வப் பெயரே நீளமாக இருந்தால், ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் சுருக்கமான பெயரைப் பயன்படுத்தச் சொல்கிறது. தமிழுக்கும் இந்த அளவு பொருந்தும், ஆனால் மூன்று சொற்கள் என்றதும் பத்திரம் என்று நினைத்துவிட முடியாது. 'உயர் அழுத்த வால்வு சோதனை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தம் என்பதை ஒரு சொல்லாக எண்ணினால் மூன்றே சொற்கள்தான். உயர் அழுத்தத்தைத் தாங்கும் வால்வைச் சோதித்தார்களா, வால்வை உயர் அழுத்தத்தில் சோதித்தார்களா? வால்வுச் சோதனைகளுக்கான API 598 தரத்தில், மூடிய வால்வின் வழியாகக் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்றில், வால்வுக்கு அனுமதித்த அழுத்தத்தைப் போல 1.1 மடங்கு கொடுப்பார்கள். மற்றொன்றில் சில பார் அளவுக்கு மட்டும் காற்றோ வேறு வாயுவோ ஏற்றுவார்கள். உயர் அழுத்த வால்வைக் குறைந்த அழுத்தத்தில் சோதித்தவரும் அதே மூன்று சொற்களை எழுதலாம், அது பொய்யாகாது. 'வால்வை 1.1 மடங்கு அழுத்தத்தில் சோதித்தோம்' என்று 'இல்' உருபைப் போட்டு எழுதினால் அவரால் தப்பிக்க முடியாது.

எல்லா அடுக்கையும் அவிழ்க்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓர் அலாரத்தின் பெயருக்கு இத்தனை எழுத்துகள்தான் என்று இடம் இருக்கும். உதிரிபாகப் பட்டியலும் வரைபடத் தலைப்பும் அப்படியே. அங்கே அடுக்குதான் சரி. அதைப் பார்ப்பவர் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அடையாளம் காண்கிறார், புதிதாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. அறிக்கை எழுதுபவர் அந்தப் பெயரைத் திரையிலிருந்து எடுத்து, பின்னால் ஒரு 'மேற்கொள்ளப்பட்டது' சேர்த்து வாக்கியமாக்கும்போதுதான் சிக்கல். அப்படிச் செய்வதைவிட, திரையில் இருக்கும் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் வைத்துவிட்டு, அது எப்போது வரும், தான் என்ன செய்தார் என்பதைத் தனி வாக்கியங்களில் எழுதலாம். அடுத்த ஷிப்டில் வருபவருக்குத் திரையில் தேடவும் பெயர் கிடைக்கும், என்ன நடந்தது என்றும் தெரியும்.