இருமினால் கசியும் சிறுநீர்: பிரசவத்துக்குப் பின் தசைக்கு என்ன ஆகிறது?

பிரசவமான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருமினாலோ, தும்மினாலோ, வாய்விட்டுச் சிரித்தாலோ சிறுநீர் கசிகிறது. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு இதைக் குறைக்க வழி இருக்கிறது.

இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறிச் சிறுநீர்ப்பையை அமுக்குகிறது. அதே அழுத்தம் சிறுநீர்க்குழாயையும் நசுக்கி மூட வேண்டும். ஆனால் நசுக்க அடியில் கெட்டியான தளம் வேண்டுமே! கட்டாந்தரையில் கிடக்கும் தோட்டத்து ஹோஸை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடந்தால் ஹோஸ் புதையும், தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். இங்கே அந்தத் தரையாக இருப்பவை யோனியின் முன்சுவரும் அதைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசையின் ஒரு பகுதி தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு வரை இழுபடுகிறது. ஆயுதம் போட்டு எடுத்தால் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் அபாயமும் கூடுகிறது. சிசேரியனில் இந்தச் சேதம் குறைவு. ஆனால் கர்ப்ப காலத்துப் பாரம் தளத்தைத் தளர்த்தியிருப்பதால் அவர்களிலும் சிலருக்குக் கசிகிறது.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இதை எழுதினார். இன்றும் முதல் சிகிச்சை இதுதான். காற்று பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கமாக மேலே இழுக்க வேண்டும். பலர் இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிவிடுகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கும். கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: ஆசனவாய்க்கும் யோனிக்கும் இடைப்பட்ட சதை உள்ளே ஏறினால் சரி, வெளியே புடைத்தால் தப்பு. மூச்சை அடக்கவும் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

நான்கு மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் ஒருவரால் 3 நொடிதான் பிடிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 3 நொடி பிடித்து, அதே அளவு தளர்த்தி, ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு மூன்று வேளை செய்யலாம். பழகப் பழக 10 நொடி வரை கூட்டலாம். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலனைக் கணிக்க முடியும்.

அதற்குள்ளேயே கைகொடுக்கும் உத்தி ஒன்று உண்டு. இருமல் வருவது தெரிந்ததும், இருமுவதற்கு முன்பே தசையை இறுக்கி, இருமி முடியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பும் அப்படியே. தசை இன்னும் தேறாவிட்டாலும் நேரம் சரியாக அமைந்தால் கசிவு குறைகிறது.

3 மாதம் கழித்தும் குறையாவிட்டால், இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டையோ மகப்பேறு மருத்துவரையோ பாருங்கள். சிறுநீர்க்குழாயைத் தாங்க யோனிக்குள் வைக்கும் ரப்பர் வளையம் சிலருக்கு உதவும். அறுவை சிகிச்சையும் உண்டு. அடுத்த பிரசவம் அதன் பலனைக் கெடுக்கலாம் என்பதால், இனிக் குழந்தை வேண்டாம் என்றான பிறகே பெரும்பாலும் செய்வார்கள்.

எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் கிருமித்தொற்றா என்று முதலில் பார்க்க வேண்டும். இருமாமலேயே இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தால் பயிற்சியில் நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.