பணம் வந்த பிறகும் டிராபேக்கைத் திருப்பிக் கேட்பது ஏன்?

டிராபேக் என்பது ஏற்றுமதிச் சரக்கில் அடங்கியுள்ள சுங்க வரியை ஈடுசெய்யும் தொகை. ஆடைகளுக்கு மாநில, மத்திய வரிகளை ஈடுசெய்ய ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். என்ற சலுகையும் உண்டு. அறிவிக்கையில் விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஒரு நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள்: சரக்குக்கான பணம் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா விதித்த காலத்துக்குள் வந்து சேராவிட்டால், பெற்ற சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

பணம் வந்தவர்களுக்கும் திருப்பிக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வருகிறது என்பதுதான் வேதனை. திருப்பூரில் ஒரு சிறு பனியன் ஏற்றுமதியாளரின் நோட்டீஸைப் பார்த்தேன். சரக்கை அனுப்பும்போது சுங்கத் துறையிடம் தரும் ஆவணமான ஷிப்பிங் பில்கள் மூன்றுக்கு, ஒவ்வொன்றும் 10,000 டாலர் மதிப்பில், தலா 20,000 ரூபாய் டிராபேக் பெற்றிருந்தார். வாங்குபவர் மூன்றாவது சரக்கில் தரக் குறை சொல்லி 1,500 டாலரைப் பிடித்துக்கொண்டு, 28,500 டாலரை ஒரே தவணையில் அனுப்பினார். வங்கி அதைக் கணக்கில் வரவு வைத்ததே தவிர, ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். பதிவில் எந்த ஷிப்பிங் பில்லுடனும் இணைக்கவில்லை. மூன்று பில்களும் அங்கே நிலுவையாகவே நின்றன. சுங்கத் துறை 60,000 ரூபாயையும் வட்டியையும் கேட்டது.

விதிப்படி அவர் கட்ட வேண்டியது 3,000 ரூபாயும் அதற்கான வட்டியும்தான். 2017ஆம் ஆண்டு டிராபேக் விதிகளின் 18ஆம் விதி, வராத பணத்தின் விகிதத்துக்கு மட்டுமே திரும்பப் பெறச் சொல்கிறது. மூன்றாவது பில்லில் வராதது 15 சதவீதம். இதை மெய்ப்பிக்கத்தான் அவர் அலைந்தார். வங்கி சுங்கத் துறையைக் கேட்கச் சொன்னது, சுங்கத் துறை வங்கியிடம் அனுப்பியது, இடையில் கிளை அதிகாரியும் மாறினார்.

வெளிநாட்டு வணிகத் துறையின் தளத்தில் பணம் வந்ததற்கான மின்னணுச் சான்றான இ-பி.ஆர்.சி. எடுத்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நம்ப வேண்டாம். அந்தச் சான்று கையில் இருந்தும் இ.டி.பி.எம்.எஸ்.இல் பில் திறந்தே கிடப்பது வழக்கமான கதை. ஆகவே பணம் வந்த வாரத்திலேயே, எந்தத் தொகை எந்த பில்லுக்கு என்று ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு ஆகியவற்றுடன் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவர் பிடித்தம் செய்திருந்தால், அவருடைய மின்னஞ்சலை இணைத்து, விலைப்பட்டியல் மதிப்பைக் குறைக்க வங்கியின் ஒப்புதலைத் தனியே கேளுங்கள். குறைந்த தொகைக்குரிய சலுகையைத் திருப்பிக் கட்டினால்தான் அந்த பில் முறையாக முடியும்.

நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால், அது கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும். "வங்கி பார்த்துக்கொள்ளும்" என்று காத்திருந்தால் முழுத் தொகைக்கும் உத்தரவு வந்துவிடும். வங்கியின் திருத்தம் தாமதமானாலும், பணம் வந்ததாக வங்கி தந்த அறிவிப்புச் சீட்டையும் பில் வாரியான கணக்கையும் அந்தக் கெடுவுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.