வயிற்றுப்போக்கு போலத் தோன்றும் மலச்சிக்கல்

மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், முதுமை மறதி முற்றிய எண்பது வயது மூதாட்டி ஒருவரை அவருடைய மருமகள் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மலம் கழித்த மூதாட்டி, புதன்கிழமை குளிப்பாட்டும்போது மருமகளின் கையைத் தட்டிவிடுகிறார். வியாழக்கிழமை பாதிச் சாப்பாட்டில் வாயை இறுக மூடிக்கொள்கிறார். மாலை முழுவதும் கூடத்துக்கும் கொல்லைக் கதவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். வெள்ளிக்கிழமை சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து பாவாடையை நனைக்கிறது. சனிக்கிழமை புடவையில் நீர்த்த மலம் பலமுறை கசிகிறது. வீட்டார் அதை வயிற்றுப்போக்கு என்று முடிவு செய்து, மருந்துக் கடையில் லோபரமைடு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்த வாரம் முழுவதும் மூதாட்டிக்கு இருந்தது மலச்சிக்கல். கொடுத்த மாத்திரை அதை மேலும் கடுமையாக்கும்.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர்த்த கழிவு வந்து சேர்கிறது. பெருங்குடல் அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, எஞ்சியதை மலக்குடலுக்குத் தள்ளுகிறது. மலக்குடல் விரியும்போது ஆசனவாயின் உள்சுருக்குத் தசை தானாகவே தளர்ந்துவிடும். வெளிச்சுருக்குத் தசையை இறுக்கிப் பிடித்து, கழிப்பறை சேரும்வரை அடக்கிக்கொள்வது நம் விருப்பத்துக்கு உட்பட்ட வேலை. மறதி நோயில் பழுதாவது இந்த இரண்டாவது கட்டம். வயிற்றில் ஏதோ அழுத்துவது தெரிந்தாலும் அதன் பொருள் விளங்காமல் போகலாம். விளங்கினாலும் கழிப்பறை எங்கே என்பது நினைவில் இல்லாமல் போகலாம். அங்கே உட்கார வைத்த பிறகும், எதற்காக உட்கார்ந்தோம் என்பதை மறந்து எழுந்து வந்துவிடலாம். ஆயுள் முழுவதும் குந்தி உட்கார்ந்தே பழகியவருக்குப் பிற்காலத்தில் வீட்டில் பொருத்திய மேற்கத்தியக் கழிப்பறை, மலம் கழிக்கும் இடமாகவே தோன்றுவதில்லை.

கழிக்கப்படாத மலத்திலிருந்து நீர் தொடர்ந்து உறிஞ்சப்படுவதால், அது நாளுக்கு நாள் இறுகி மலக்குடலை அடைக்கும் கட்டியாகிவிடுகிறது. நாள்கணக்கில் விரிந்தே இருக்கும் மலக்குடல் உணர்வை இழக்கிறது. உள்சுருக்குத் தசையும் தளர்ந்தே கிடக்கிறது. கட்டிக்கு மேலே தேங்கிய நீர்த்த மலம் கட்டியின் ஓரமாக வழிந்து, தளர்ந்த வாயில் வழியே கசிகிறது. மூதாட்டியின் புடவையில் பட்டது அதுதான். லோபரமைடு குடலின் அசைவைக் குறைக்கும் மருந்து என்பதால், அடைப்பு இன்னும் இறுகுகிறது.

சிறுநீர் சொட்டியதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். நிரம்பிய மலக்குடல் முன்னாலுள்ள சிறுநீர்ப்பையையும் அதன் வாயிலையும் அழுத்துவதால், சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கி வழிகிறது. இதைத் தனி நோயாக எண்ணி, சிறுநீர் அடக்க உதவும் ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரையைத் தொடங்கினால் நிலைமை மோசமாகும். அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் அம்மாத்திரை, குடலையும் மந்தமாக்கும், குழப்பத்தையும் கூட்டும். மறதி நோய்க்காகப் பலருக்குக் கொடுக்கப்படும் டோனிபெசில் அதே அசிடைல்கோலினை மிகுவிக்கும் மருந்து. இரண்டும் ஒரே மாத்திரைப் பெட்டியில் இருப்பதைக் கண்டால் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை, டிரமடால் போன்ற வலி மருந்து, சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவையும் மலத்தை இறுக்கும். இரவில் கத்துகிறார், அடிக்கிறார் என்று கேட்டு வாங்கும் மனநல மருந்துகளில் சிலவும் அப்படியே.

ஆகவே பராமரிப்பவர் வாய்மொழியை எதிர்பாராமல் உடலைப் படிக்க வேண்டும். வலியைச் சொல்ல இயலாதவர்களுக்காக மருத்துவத்தில் பயன்படும் அளவுகோல்கள் மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, தேற்றினால் அமைதியடைகிறாரா என்பவற்றையே பார்க்கின்றன. மலச்சிக்கலில் இவற்றோடு வேறு சிலவும் சேரும். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார், அல்லது உடனே எழுந்துவிடுவார். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்வார். கை அடிக்கடி அடிவயிற்றுக்கோ பின்புறத்துக்கோ போகும். விரலில் மலம் ஒட்டியிருக்கும். கடைசியாகச் சொன்னதை அசிங்கம் செய்கிறார் என்று கடிந்துகொள்ளும் வீடுகள் உண்டு. உறுத்தும் ஒன்றை அகற்ற அவர் செய்யும் முயற்சி அது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக மலச்சிக்கலை உறுதிசெய்யாது. பல்வலியிலும் சிறுநீர்த் தொற்றிலும் இதே அமைதியின்மை வரும். மலம் கழித்த நாளோடு சேர்த்துப் பார்த்தால்தான் இவை பொருள்படும்.

அதற்கு, சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். மலம் கழித்த நாள், ஏறத்தாழ எவ்வளவு, எந்த வடிவம் என்ற மூன்றையும் அன்றன்றே குறிக்க வேண்டும். 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப்புழுக்கை போன்ற தனித்தனி உருண்டைகள் முதல் வகை, முழுதும் நீராக வருவது ஏழாம் வகை, சிரமமின்றிக் கழிவது மூன்றும் நான்கும். தினமும் நாலைந்து உருண்டைகள் வந்தால் ‘தினமும் போகிறார்’ என்று கணக்கில் எழுதக் கூடாது, அது மலச்சிக்கலே. மூன்று நாள் மலமில்லாமல் இருந்து திடீரென ஏழாம் வகை கசிந்தால், வயிற்றுப்போக்கு மருந்து எதையும் கொடுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் இந்தக் குறிப்பைக் காட்டலாம்.

மூதாட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மலக்குடலை விரலால் சோதித்து அடைப்பை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. கிளிசரின் ஆசனவாய் மாத்திரை, எனிமா, மேக்ரோகால் கரைசல் ஆகியவற்றில் எது, எந்த வரிசையில் என்பதையும் அவரே முடிவு செய்வார். வீட்டார் விரலால் தோண்டி எடுக்க முயலக் கூடாது. புண்ணாகும், இரத்தம் கசியும். டெல்டாவில் பலர் உடனே நாடும் விளக்கெண்ணெயும் இங்கே ஆகாது. அடைப்பு இருக்கும்போது குடலை முடுக்கினால் வயிற்றுவலிதான் மிகும். விழுங்கத் தடுமாறுபவருக்குப் புகட்டினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. இசப்கோல் உமியும் போதிய நீரில்லாமல் உட்கொண்டால் அடைப்பையே பெரிதாக்கும்.

அடைப்பு நீங்கிய பிறகு இரண்டொரு நாளில் மூதாட்டியின் நடமாட்டமும் தட்டிவிடுதலும் தணிந்தால், காரணம் அதுதான் என்று கொள்ளலாம். தணியாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பெருங்குடல் இயல்பாகவே வலுவாக அசைவதால், அரைமணி நேரத்துக்குள் கழிப்பறையில் உட்கார வைத்து, முழங்கால் இடுப்பை விட உயரும்படி பாதத்துக்குக் கீழே ஒரு மணையைப் போடலாம். இரவில் படுக்கை நனையும் என்று அஞ்சி நாள் முழுவதும் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தை விட்டு, இதய, சிறுநீரகக் கட்டுப்பாடு இல்லாதவருக்குப் பகலிலேயே நீர்மோரும் நீராகாரமும் அடிக்கடி கொடுக்கலாம். விரிந்துபோன மலக்குடலுக்கு உணர்வு திரும்பச் சில வாரங்கள் ஆகும் என்பதால், மலமிளக்கியை ஒரு முறை நன்றாகப் போனவுடனே நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் காலம் வரை தொடர வேண்டும். வயிறு உப்பி வாந்தியும் சேர்ந்தால், வாயு கூடப் பிரியாவிட்டால், மலத்தில் இரத்தம் தென்பட்டால், அல்லது அவர் திடீரென மயங்கிச் சோர்ந்தால், காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.