வயிற்றுப்போக்கில் நீரிழந்த குழந்தை: கரண்டிக் கரைசலும் சில்லிடும் பாதமும்

பதினான்கு மாதமான, அங்கன்வாடி எடைக்கருவியில் 10 கிலோ இருந்த ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்துக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில், முந்தைய இரவிலிருந்து எட்டு முறை தண்ணீராகப் போய், மூன்று முறை வாந்தியும் எடுத்திருக்கிறான். கண்கள் குழி விழுந்திருக்கின்றன. யார் தூக்கினாலும் சிணுங்குகிறான். தம்ளரைக் கண்டால் இரு கையாலும் பிடித்து இழுத்துக் குடிக்கிறான். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால், அது உடனே படியாமல் மெதுவாகப் படிகிறது. எரிச்சல், குழிந்த கண், தாகம், மெதுவாகப் படியும் தோல் என்னும் இந்நான்கில் இரண்டு இருந்தாலே, குழந்தை ஓரளவு நீரிழந்துவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை நீராக வெளியேறியிருக்கும் நிலை இது. அதாவது இவன் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இழந்திருக்கலாம்.

இந்த நிலையில் நம் ஊர்ப் பக்கம் முதலில் கைக்கு வருவது இளநீர், பருவமானால் பதநீர், இல்லாவிட்டால் கடையில் வாங்கிய கலர். குடலின் வேலையை அறிந்தால், கடைசி இரண்டையும் ஏன் தவிர்க்க வேண்டும் என்பது விளங்கும். குடல் தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்வதில்லை. குடற்சுவரின் உயிரணுக்களில் உள்ள ஒரு கடத்திப் புரதம், குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றையும் சோடியம் அயனிகள் இரண்டையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகிறது; அவற்றைத் தொடர்ந்துதான் தண்ணீர் செல்கிறது. வயிற்றுப்போக்கு நோய்க்கிருமிகள் குடலை எவ்வளவு அலைக்கழித்தாலும் இந்த வழி பெரும்பாலும் முற்றாக அடைபடுவதில்லை என்பதே உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பதற்குக் காரணம். உப்பு மட்டும் போதாது, சர்க்கரை மட்டும் போதாது. இரண்டும் உரிய அளவில் சேர்ந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராமும் சமையல் உப்பு 2.6 கிராமும், இவற்றோடு சிறிது பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உள்ளன. பதநீரிலும் கலரிலும் சர்க்கரை இதைப் போல ஏழெட்டு மடங்கு உண்டு. அத்தனை சர்க்கரை குடலுக்குள் நின்றால், அது உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். இளநீர் அவ்வளவு கெடுதல் செய்யாது என்றாலும், அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இழந்த உப்பை அது ஈடுகட்டாது.

அளவு தவறுவதால் வரும் தீங்கும் சிறிதன்று. ஒரு லிட்டருக்கான கரைசல் பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கொட்டிக் கலக்கினால், இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் என்று இருக்கிறதா, 200 மில்லி என்று இருக்கிறதா என்பதைப் படித்து, காய்ச்சி ஆறிய நீரை அளந்து ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நம் குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது? கிலோவுக்கு 75 மில்லி என்று கணக்கிட்டால் 750 மில்லி. அதை நான்கு மணி நேரத்தில் கொடுத்து முடிக்க வேண்டும். கேட்டதும் மலைப்பாக இருக்கும். "எது குடுத்தாலும் கக்குதானே, இவ்வளவையும் எப்படிம்மா குடுக்க?" என்று வீட்டு ஆச்சி கிராம செவிலியரிடம் கேட்பது இயல்பு. ஆனால் 5 மில்லி கரண்டியால் கணக்கிட்டால் அது 150 கரண்டி. 240 நிமிடங்களில் அதைக் கொடுக்க, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கரண்டி போதும். தாகத்தில் தவிக்கும் குழந்தைக்குத் தம்ளரோடு கொடுத்தால் இரைப்பை விரிந்து அனைத்தும் வெளியே வரும்; சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பகுதி உள்ளே தங்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என மீண்டும் தொடங்கலாம். தாய்ப்பாலை இடையிடையே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்க எல்லை ஊரான பொங்காவில், சிரைவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிசு இக்கரைசலைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். வீட்டாரால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே பெரும் சான்று.

நான்கு மணி நேரம் முடிந்ததும் குழந்தையை மறுபடியும் பார்க்க வேண்டும். சிறுநீர் கழித்து, தோல் உடனே படிந்து, விளையாட முற்பட்டால், இனி ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி வரை கொடுத்து, வழக்கமான உணவையும், மருத்துவர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையையும் 14 நாள் தொடர்ந்தால் போதும். இமை வீங்கினால் கரைசலை நிறுத்தித் தாய்ப்பாலும் தண்ணீரும் மட்டும் கொடுக்க வேண்டும்.

இழப்பு கொடுப்பதை விஞ்சும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதை முதலில் காட்டுவது பாதம். கார்சாகுபடி நேரத்தில் கால்வாயில் நீர் குறைந்தால், கிளை வாய்க்கால்களின் மடைகளை அடைத்துவிட்டு முதன்மை வாய்க்காலை ஓட விடுவது போல, இரத்தத்தின் அளவு குறைந்ததும் உடல் தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் நாளங்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை மிச்சம் பிடிக்கிறது. இதயமும் விரைந்து துடித்து ஈடுகொடுக்கிறது. இவ்விரு தற்காப்பும் குழந்தைகளிடம் மிக வலுவாக இருப்பதால், இரத்த அழுத்தம் கடைசி வரை சரியாகவே காட்டும். அது விழும்போது குழந்தை கைமீறும் தறுவாயில் இருக்கும். "பிரஷர் நார்மல்" என்ற சொல்லை நம்பி அமைதியாக இருக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆகவே அரைமணிக்கு ஒருமுறை உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிறு சூடாக இருக்கையில் பாதம் சில்லிட்டிருந்தால், அந்தக் குளிர்ச்சி கணுக்காலைத் தாண்டி முழங்காலை நோக்கி ஏறினால், அது எச்சரிக்கை. கட்டைவிரல் நகத்தை மூன்று வினாடி அழுத்தி விட்டால், வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். மூன்று வினாடிக்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. குளிர்ந்த அறையிலும் நனைந்த துணியிலும் இச்சோதனை பொய்யாகக் காட்டும் என்பதால், துணியை மாற்றிப் போர்த்திய பின் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அதற்காகக் காத்திருப்பது சில நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது. முன்பு சிணுங்கிக்கொண்டிருந்தவன் அமைதியாகிவிட்டதைத் தூக்கம் என்று எண்ணுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. தம்ளரைப் பிடித்து இழுத்தவன் இப்போது கரண்டியைக் கண்டும் வாய் திறக்கவில்லை, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொள்கிறான், ஆறு மணி நேரமாக ஈரம் காணாத துணி, கிள்ளிய தோல் இரண்டு வினாடிக்கு மேல் மடிந்தே நிற்கிறது என்றால், இவற்றில் ஒன்றே போதும், 108ஐ அழைத்துவிட வேண்டும். எல்லாம் சேரும் வரை பார்த்திருக்கக் கூடாது.

இத்தகைய குழந்தைக்கு மருத்துவமனையில் ரிங்கர் லாக்டேட் என்னும் நீரைச் சிரைவழியே, 10 கிலோ எடைக்கு அரைமணி நேரத்தில் 300 மில்லியும், அடுத்த இரண்டரை மணி நேரத்தில் 700 மில்லியும் ஏற்றி, இடையிடையே நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதே அளவு, ஆறு மணி நேரத்துக்கு நீட்டித்து ஏற்றப்படும். கடுமையாக மெலிந்த குழந்தைக்கு முறையே வேறு. சிரை கிடைக்காவிட்டால் மூக்குக் குழாய் வழியே கரைசல் செலுத்தவும் முடியும். இதற்காகப் பெரிய மருத்துவமனையை நாடி நேராகப் பாளையங்கோட்டைக்கு ஓடுவதைவிட, அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் முதல் 300 மில்லியை ஏற்றிய பின் அனுப்பப்படுவதே மேல். வழியில் கழியும் ஒரு மணி நேரம் அப்போது வீணாகாது. போகும் வழியில் விழித்திருந்து விழுங்கக்கூடிய குழந்தைக்கு மட்டும் கரண்டியால் கொடுக்கலாம். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை மூன்று: கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, இதுவரை எத்தனை மில்லி உள்ளே போனது, பாதம் சில்லிடத் தொடங்கியது எத்தனை மணிக்கு.