ஒரு ‘ஆல்’ செய்கிற பிழை

‘துன்பத்தால் விளையும் வளர்ச்சி’. போஸ்ட் ட்ரொமாட்டிக் குரோத் என்ற உளவியல் தொடருக்கு இப்படியொரு தமிழாக்கம் உலவுகிறது. போன மாதம், விபத்தில் கணவரைப் பறிகொடுத்த பக்கத்துத் தெரு அக்கா ஒரு துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார். தலைப்பே அதுதான். “அவரு போனதால நான் வளரணுமாம், பாத்தியா தம்பி?” என்றார்.

‘ட்ரோமா’ கிரேக்கத்தில் காயம். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கல்ஹூனும் 1990களில் இந்தத் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1996இல் 21 கூற்றுகள் கொண்ட அளவுகோலையும் வெளியிட்டார்கள். மூலத்தொடரில் ‘போஸ்ட்’ என்றால் ‘பின்’, அவ்வளவே.

‘பின்’ காலத்தைச் சொல்லும். ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபு. கருவியையோ கருத்தாவையோ காட்டும். ‘மழைக்குப் பின் வந்தான்’ என்பதும் ‘மழையால் வந்தான்’ என்பதும் ஒன்றா? அந்த ஓர் உருபு துன்பத்தையே வளர்ச்சிக்குக் காரணமாக்கிவிடுகிறது. டெடெஸ்கியும் கல்ஹூனும் சொன்னது வேறு: உலகம் இப்படித்தான் என்று நம்பியிருந்தது நிலநடுக்கத்தில் போல இடிந்துவிழ, அதை மறுபடி கட்டப் போராடுகையில் சிலருக்கு மாற்றம் நேரலாம். வேதனை தீர்ந்தபின்தான் நேரும் என்றுமில்லை; இரண்டும் ஒருசேர இருக்கும்.

அந்த மாற்றத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. ‘நான் நினைத்ததைவிட வலிமையானவள் என்று கண்டேன்’ என்கிற மாதிரியான கூற்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும். 0 என்றால் மாற்றமே இல்லை. ‘முன்பிருந்த வலிமையும் போயிற்று’ என்பவர் எதைக் குறிப்பார்? அதற்கு இடமே இல்லை. 2009இல் பாட்ரிசியா ஃபிரேசியர் குழு கல்லூரி மாணவர்களைத் துயரத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தது. ‘வளர்ந்தேன்’ என்று அவர்கள் சொன்னதும் அளவையில் தெரிந்த மாற்றமும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ‘சுடச்சுடரும் பொன்போல்’ என்று குறளைத் துணைக்கு அழைத்துவிடுவார்கள். அது ‘தவம்’ அதிகாரத்தில் வருகிறது, ஐயா. ‘நோற்கிற்பவர்க்கு’ என்று முடிகிறது. நோன்பு ஒருவர் தாமாக ஏற்பது. அக்கா எந்த நோன்பை ஏற்றார்?

‘அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்பாரும் உண்டு. உருபு சரி, பெயர் சரியில்லை. மின்சாரம் தாக்கினாலும் அதிர்ச்சி, தக்காளி விலை கேட்டாலும் அதிர்ச்சி. காயம் என்ற மூலப்பொருள் நிற்க வேண்டுமானால் ‘உளக்காயத்துக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்பேன். நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். ‘வளர்ச்சி’ போதாதென்று ‘மலர்ச்சி’ வேண்டுமென்கிற கவிஞர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

துண்டறிக்கையைத் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினேன். மெய்ப்பு திரும்பி வந்தது. ‘உளக்காயத்தால் விளையும் வளர்ச்சி’ என்றிருந்தது.