கபாலபாதியா கபாலபதியா: உந்துமூச்சு பத்தி ஒரு சொல் விளக்கம்

கோத்தகிரியில எங்க தெருவுல காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சா மூணு வீட்டு மாடில இருந்தாவது "ஹஸ் ஹஸ்"னு மூக்கு வழியா மூச்சை விடுற சத்தம் கேக்கும், ஸ்வெட்டர் குல்லாவோட உக்காந்து எல்லாரும் இந்த யோகா மூச்சுப் பயிற்சிய செய்றாங்க. என்ன செய்றீங்கன்னு கேட்டா பாதிப் பேர் கபாலபதிம்பாங்க, நோட்டீஸ்லயும் அப்படித்தான் அடிக்கிறாங்க. அது தப்பு. பதின்னா தலைவன். இங்க வர்றது பாதி, அதுவும் நம்ம "அரைவாசி" பாதி இல்ல, சமஸ்கிருதத்துல ஒளிர்றதுன்னு அர்த்தம் வர்ற சொல். தமிழ்ல ரெண்டு ப-வையும் ஒரே எழுத்துல எழுதுறதால வர்ற குழப்பம் இது. கபாலம் நமக்குத் தெரிஞ்ச சொல்தான், மயிலாப்பூர் கபாலீஸ்வரர் பேர்ல இருக்கிற அதே மண்டையோடு. ஆக கபாலபாதின்னா மண்டையை ஒளிர வைக்கிறது.

பதினஞ்சாம் நூற்றாண்டு வாக்குல ஸ்வாத்மாராமர் எழுதின ஹடயோக பிரதீபிகைல இது பிராணாயாமக் கணக்குல வரல, ஆறு சுத்திகரிப்பு வேலைல ஒண்ணா வருது, தௌதி, நேதி, நௌலி மாதிரி. கொல்லனோட துருத்தி மாதிரி வேகவேகமா மூச்சை விட்டு வாங்கணும், கபக் கோளாறு வத்தும்னு சொல்றாரு. இந்த ஆறும் கொழுப்பும் கபமும் அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான், மத்தவங்க செய்ய வேண்டாம்னும் அதே நூல்ல இருக்கு. இதை யாரும் க்ளாஸ்ல சொல்றதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம்.

துருத்தி உவமை எங்க ஊர்க்காரங்களுக்குச் சட்டுனு புரியும். கோத்தகிரிங்கிற பேரே கோத்தர்கள வெச்சு வந்ததுதான், நீலகிரில காலங்காலமா கொல்லு வேலை பாத்தவங்க அவங்க. துருத்திய அமுக்கினா காத்து உலைக்குள்ள போகும், கைய எடுத்தா தோல் விரிஞ்சு தானா காத்து நிரம்பும். அமுக்குறதுதான் வேலை, நிரம்புறது வேலையில்ல. இந்தப் பயிற்சியோட முழு சூட்சுமமும் அதுதான்.

சாதாரணமா நாம மூச்சு வாங்கும்போது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானம் கீழ இறங்கி வேலை செய்யுது, விடும்போது நுரையீரல் இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி தானா சுருங்குது, தசை வேலை கிட்டத்தட்ட கிடையாது. கபாலபாதில இது தலைகீழ். வயித்து முன்னாடி மேல இருந்து கீழ ஓடுற நேர் தசை, ரெண்டு பக்கமும் இருக்கிற சாய்வுத் தசைகள், எல்லாத்துக்கும் உள்ள பெல்ட் மாதிரி சுத்தியிருக்கிற குறுக்குத் தசை, இதெல்லாம் ஒரே நேரத்துல வெடுக்குனு சுருங்கி குடலை உள்ள தள்ளுது, அது உதரவிதானத்தை மேல தள்ளுது, காத்து மூக்கு வழியா பாயுது. வயித்தைத் தளர விட்டதும் உதரவிதானம் எடம் திரும்பும், காத்து தானா உள்ள வரும். தொப்புள்ள கைய வெச்சுப் பாத்தா தெரியும், வயிறு மட்டும் துள்ளணும், தோள் ஏறி இறங்கினாலோ மூஞ்சி சுளிச்சாலோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டாலோ அது கபாலபாதி இல்ல, வாங்குறதுக்கும் பலம் போட்டு பஸ்திரிகாங்கிற இன்னொரு மூச்சுப் பயிற்சி பக்கம் போயிட்டோம்னு அர்த்தம்.

அதனால எனக்கு உந்துமூச்சுங்கிற சொல் புடிச்சிருக்கு. மண்டையொளின்னு நேரா பெயர்க்கலாம்தான், ஆனா அது கிடைக்கும்னு நம்புற பலனைச் சொல்லுது, உடம்பு செய்றத சொல்லல. துருத்திமூச்சும் நல்ல சொல், ஆனா பஸ்திரிகாங்கிற பேருக்கே துருத்தின்னுதான் அர்த்தம், அதுக்கே விட்டுடலாம். உந்துமூச்சுன்னா சொல்லும்போதே எங்க பலம் போடணும்னு தெரிஞ்சிடுது.

இப்ப எங்க பெரியப்பா கதைக்கு வர்றேன், ஏன்னா நான் பிசியோதெரபி படிச்சவன், இருந்தும் எனக்கே இது அப்பதான் உறைச்சது. போன மார்கழில ஒரு நாள் காலைல வந்து, "டேய், இந்த விரல் மெஷின்ல பாரு, செய்றதுக்கு முன்னாடி 94, இப்ப 98. ரத்தத்துல ஆக்சிஜன் ஏறிடுச்சு. விரல், உதடெல்லாம் சுருசுருன்னு சக்தி ஓடுது, தலை லேசா மெதக்குது"ன்னு சொன்னாரு. நிமிஷத்துக்கு 80 தடவை, அஞ்சு நிமிஷம், இழுக்கிறதும் பலமா. நான், "பெரியப்பா, கொஞ்சம் உக்காருங்க, அந்தச் சுருசுருப்பு சக்தி இல்ல"ன்னேன்.

கணக்கு போட்டுப் பாருங்க. அமைதியா இருக்கிறப்ப ஒரு மூச்சுக்கு 500 மில்லி, அதுல 150 மூச்சுக்குழல்லயே நின்னுடும், மிச்சம் 350தான் நுரையீரலோட நுண்ணறைக்குப் போகும், நிமிஷத்துக்கு 12 மூச்சுன்னா 4.2 லிட்டர். பெரியப்பா தடவைக்கு 300 மில்லிதான் தள்ளினார்னு வெச்சாக்கூட 150 உள்ள போகும், 80 தடவைக்கு 12 லிட்டர், கிட்டத்தட்ட மூணு மடங்கு. உடம்பு உண்டாக்குறத விட வேகமா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். அது கழிவுதானேன்னு தோணும், ஆனா ரத்தத்தோட அமிலச் சமநிலையையும் மூளை ரத்தக்குழாய் எவ்வளவு விரியணும்ங்கிறதையும் புடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். ரத்தத்துல அதோட அழுத்தம் சாதாரணமா 40 மில்லிமீட்டர் பாதரச அளவுல இருக்கும், ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைய குறைய மூளைக்குப் போற ரத்தம் சுமாரா 3 சதவீதம் குறையும். பத்து குறைஞ்சா கிட்டத்தட்ட 30 சதவீதம். தலை மெதந்தது அதனால. ரத்தம் காரத்தன்மை ஆகும்போது அதுல புரதத்தோட ஒட்டாம தனியா இருக்கிற கால்சியம் குறைஞ்சு நரம்பு படபடக்கும், விரல் சுருசுருப்பு அதனால.

அப்ப 94 எப்படி 98 ஆச்சு? இங்க 1,800 மீட்டர் உயரத்துல காத்தழுத்தமே கடல் மட்டத்துல இருக்கிறதுல அஞ்சுல நாலு பங்குதான், அதனால கொஞ்சம் கம்மியா காட்டுறது இயல்பு. நுண்ணறைல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா அந்த எடத்த ஆக்சிஜன் எடுத்துக்கும், நம்பர் ஏறும். சென்னைல 98 இருக்கிறவர் எவ்வளவு ஊதினாலும் அதுக்கு மேல ஏற எடம் ரொம்பக் கம்மி. ஏறின 4 சதவீதத்த மூளைக்குக் குறைஞ்ச ரத்தம் முழுசா விழுங்கிடுது, அதோட ரத்தம் காரத்தன்மை ஆனா ஹீமோகுளோபின் ஆக்சிஜன விடாம இறுக்கிப் புடிச்சுக்கும். இன்னொண்ணு, இங்க பனிக்காலைல விரல் ஜில்லுன்னு இருந்தா அந்த மெஷின் தப்பாவும் காட்டும், கைய நல்லா தேய்ச்சு சூடு பண்ணிட்டுப் பாக்கணும்.

அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வெச்சேன், சுருசுருப்பு போச்சு, மெஷின்ல மறுபடியும் 94. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப இதுல ஒண்ணுமே இல்லயா"ன்னாரு. இருக்கு. மூக்குச் சளி வெளிய வருது, வயித்துத் தசைக்கு வேலை கிடைக்குது, அதைத்தான் பழைய நூலும் சொல்லுது. தொப்பைக் கொழுப்பு அந்த எடத்துல கரையும்ங்கிறதுக்கு மட்டும் உடலியல்ல வழி இல்ல, தசை வேலை செய்ற எடத்துல இருந்துதான் கொழுப்ப எடுக்கணும்னு உடம்புக்கு ஒரு கட்டாயமும் கிடையாது.

ஒவ்வொரு உந்தலுக்கும் வயித்துக்குள்ள அழுத்தம் ஏறுது, அதனால குடலிறக்கம், கர்ப்பம், வயித்துல புது ஆபரேஷன், கட்டுக்கு வராத பிரஷர், கண் அழுத்தம், வலிப்பு இருக்கிறவங்க வேண்டாம். எங்க சித்திக்கு பிரஷர், அவங்கள நான் விடல. நல்ல ஆரோக்கியமா இருந்த 29 வயசுப் பொண்ணுக்கு இந்தப் பயிற்சிக்கு அப்புறம் நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுல காத்து சேந்தத 2004ல ஒரு மருத்துவ இதழ்ல பதிவு பண்ணியிருக்காங்க, ரொம்ப அபூர்வம்தான், ஆனா நெஞ்சுல சுருக்குனு குத்தி மூச்சு வாங்க முடியலன்னா நேரா ஆஸ்பத்திரி போகணும்.

பெரியப்பா இப்ப நொடிக்கு ஒண்ணா 25 உந்தல், அப்புறம் ஒரு நிமிஷம் சாதாரண மூச்சு, இப்படி மூணு சுத்து. கைய தொப்புள்ள வெச்சுக்கிட்டுத்தான் செய்றாரு, விரல் சுருசுருத்தா அந்த எடத்துலயே நிறுத்திடுறாரு, முடிச்சதும் மூக்கைச் சிந்திட்டு டீ குடிக்கப் போயிடுறாரு.