நடுங்குவது செடியா, மினுங்குவது விளக்கா?

கொடி பீன்ஸ் விதை ஒன்றை மண்ணில் ஊன்றி, அது முளைத்து முதல் கொடி நீளும் வரை 12 நாள் டைம்லாப்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம்?

பெரும்பாலும் எல்லோரும் பின்னாலிருந்துதான் கணக்குப் போடுவார்கள். அரை நிமிட வீடியோ போதும், நொடிக்கு 25 ஃபிரேம், ஆக 750 படம், 12 நாளைப் பகிர்ந்தால் சுமார் 23 நிமிடத்துக்கு ஒன்று. கணக்கு சரிதான், ஆனால் அப்படி எடுத்தால் செடி வலிப்பு வந்ததுபோல் நடுங்கும். பீன்ஸ் கொடியின் நுனி நேராக மேலே போவதில்லை, பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடுவதுபோல் வட்டமடித்துக்கொண்டே வளரும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 23 நிமிட இடைவெளியில் ஒரு முழுச் சுற்றுக்கு நாலைந்து படம்தான் தேறும், திரையில் அது ஐந்தில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடும், கண்ணுக்கு வட்டமே தெரியாது.

அதனால் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது வீடியோவின் நீளம் அல்ல, செடியின் மிக வேகமான அசைவு. 5 நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் சுற்றுக்கு 18 படமாவது வரும், கொடி சுழல்வது தெளிவாகத் தெரியும். மொத்தம் 3,456 படம், இரண்டேகால் நிமிட வீடியோ. மண்ணுக்குள் ஒன்றும் நடக்காத முதல் சில நாட்களை அப்புறம் பத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தைத் தூக்கிப்போடுவது சுலபம், எடுக்காத படத்தை எங்கே போய்த் தேடுவது?

அடுத்த தொல்லை மினுக்கல். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே செடி மட்டும்தான் மாறியிருக்க வேண்டும், வேறு எது மாறினாலும் அது ஓட்டத்தில் பளிச் பளிச்சென்று தெரியும். கேமராவை ஆட்டோவில் விட்டால், இலை விரிந்து கறுப்புப் பின்னணியை மறைக்கும்போதெல்லாம் அது வெளிச்சத்தை மறுபடி அளந்து எக்ஸ்போஷரை மாற்றும். ஆகவே ஷட்டர், ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாமே மேனுவல். ஜன்னலைத் துணியால் முழுக்க அடைத்துவிட்டு ஒரே எல்இடி விளக்கை நேர் மேலே வையுங்கள், பக்கத்தில் வைத்தால் நாற்று அந்தப் பக்கமே சாயும். விளக்கு அணையாமல் எரிந்தாலும் இலைகள் சில நாட்களுக்குத் தங்கள் இரவு நேரத்தில் தாழ்ந்து பகலில் நிமிரும், அதை விளக்குக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்த விளக்கிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/125 நொடியில் வைத்தால் ஒரு துடிப்பு முழுதாகக்கூட அதில் அடங்காது, எந்த நேரத்தில் திறந்தது என்பதைப் பொறுத்துப் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். 1/4 நொடி வைத்தால் சரியாக 25 துடிப்பு, எப்போது திறந்தாலும் அளவு ஒன்றே. செடி அந்தக் கால் நொடியில் எங்கேயும் ஓடிவிடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் மினுங்கினால் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். நவீன லென்ஸ்களில் பல, ஒவ்வொரு படத்துக்கும் அப்பர்ச்சர் தகடுகளைப் புதிதாக மூடித் திறக்கும், ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வரும். கண்டுபிடிக்க, ஒரு வெள்ளைச் சுவரை f/8-இல் இருபது படம் எடுத்து வேகமாகப் புரட்டிப் பாருங்கள், அப்புறம் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து அதையே செய்யுங்கள். முதலாவதில் மட்டும் மினுங்கினால் குற்றவாளி தகடுதான். ஆனால் முழுக்கத் திறந்தே எடுத்தால், வட்டமடிக்கும் கொடி முன்னும் பின்னும் போகும்போது ஃபோகஸைவிட்டு நழுவிவிடும். அப்பர்ச்சரைக் கையால் திருகும் பழைய லென்ஸ் ஒன்று அடாப்டரோடு கிடைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும், தகடு வைத்த இடத்திலேயே நிற்கும். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறவே மாறாது, இந்த ஒரு விஷயத்தில் விலையுயர்ந்த கேமராவைவிடப் போன் தேவலை.

மிச்சமிருக்கும் சிறு மினுக்கலை, படங்களுக்கு 0001.jpg, 0002.jpg என்று வரிசையாகப் பெயரிட்டு, ffmpeg என்ற மென்பொருளில் சரிசெய்யலாம்:

```
ffmpeg -framerate 25 -i %04d.jpg -vf deflicker=size=10,format=yuv420p bean.mp4
```

பக்கத்துப் பத்துப் படங்களின் சராசரி வெளிச்சத்துக்கு ஒவ்வொரு படத்தையும் இது இழுத்துக் கொண்டுவரும். முழுப் படத்தையும் ஒரே அளவில்தான் ஏற்றி இறக்கும் என்பதால், பாதியில் விழுந்த உங்கள் நிழலையோ குறுக்கே ஓடும் பட்டைகளையோ இதனால் நீக்க முடியாது, அந்தப் படங்களை இந்தக் கட்டளைக்கு முன்பே கையால் நீக்கிவிட்டு, மீதியை வரிசை எண் விடுபடாமல் மறுபெயரிட வேண்டும்.